வாட்ஸ்அப் உரையாடல் கோர்ட்டுக்குப் போனால்

பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் ஒரு விவாகரத்து வழக்கு. மனைவி மீது குற்றம் சுமத்திய கணவர், அவருடைய கைபேசி அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்து ஆவணமாகத் தாக்கல் செய்தார். அவற்றை நீக்க வேண்டும் என்று மனைவி மனு போட்டார். அந்த நீதிமன்றம் மறுத்துவிட்டது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. 2024 அக்டோபர் இறுதியில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் மனைவிக்குச் சாதகமாக உத்தரவிட்டார். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை, கணவன் மனைவிக்கு இடையிலும் அது உண்டு, அதை மீறிக் கைப்பற்றிய சான்றை ஏற்க முடியாது என்பது அந்த உத்தரவின் சாரம்.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. பஞ்சாபின் பட்டிண்டாவில் தொடங்கிய இன்னொரு விவாகரத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 14 அன்று தீர்ப்புச் சொன்னது. அங்கே கணவர், மனைவியோடு தான் பேசிய தொலைபேசிப் பேச்சுகளை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்து வைத்திருந்தார். குடும்ப நீதிமன்றம் அந்தப் பதிவுகளை அனுமதித்தது. பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம், மனைவியின் அந்தரங்கம் மீறப்பட்டது என்று சொல்லி அதைத் தடுத்தது. நீதிபதி பி.வி.நாகரத்னா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு குடும்ப நீதிமன்றம் செய்ததே சரி என்றது.

இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் ஒருவர் குழம்பித்தான் போவார். கடன் தகராறு, வேலைநீக்கம், வாடகை பாக்கி, விவாகரத்து என்று எந்த வழக்கானாலும் இன்று வக்கீலின் மேசைக்கு முதலில் வருவது கைபேசிதான். "எல்லாம் வாட்ஸ்அப்ல இருக்கு சார்" என்று கட்சிக்காரர் நீட்டுகிறார். எதிராளி தனக்கென்று அனுப்பிய தனிச்செய்தியை அவர் சம்மதம் இல்லாமல் நீதிமன்றத்தில் காட்டலாமா? காட்டினால் நீதிமன்றம் நம்புமா?

இந்தியச் சட்டம் இதை ஒரே கேள்வியாகப் பார்ப்பதில்லை. மூன்று கேள்விகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. செய்தி வழக்குக்குச் சம்பந்தப்பட்டதா? அது அசல்தானா? எப்படிக் கைக்கு வந்தது? முதல் இரண்டும் சான்றை ஏற்பது பற்றியவை. மூன்றாவது, பெரும்பாலும், கொண்டுவந்தவர் எதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது பற்றியது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் காட்டக்கூடிய செய்தியைக் காட்டாமல் விடுகிறார்கள். தொடக் கூடாத கைபேசியைத் தொட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

பேச்சில் நீங்களும் இருந்தீர்களா?

சம்மதம் பற்றிய விஷயத்தில் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு வாட்ஸ்அப்புக்கு வெகுகாலம் முந்தியது. 1964இல் பம்பாயில் ஒரு மருத்துவமனையில் நோயாளி ஒருவர் இறந்துபோனார். மரண விசாரணை அதிகாரியான கொரோனர், மருத்துவருக்குப் பாதகமில்லாமல் அறிக்கை தரப் பணம் கேட்டதாகப் புகார் எழுந்தது. லஞ்ச ஒழிப்புப் போலீசார், கொரோனரோடு பேசவிருந்த இன்னொரு மருத்துவரின் வீட்டுத் தொலைபேசியில், அவர் அனுமதியோடு, ஒலிப்பதிவுக் கருவியை இணைத்தார்கள். பேச்சு பதிவாயிற்று. தனக்குத் தெரியாமல் செய்த பதிவு செல்லாது என்று கொரோனர் உச்ச நீதிமன்றம் வரை வாதாடினார். ஆர்.எம்.மல்கானி வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருப்பது இதுதான். 1972இல் வந்த தீர்ப்பில் நீதிமன்றம் அவர் வாதத்தை ஏற்கவில்லை. பேசிய இருவரில் ஒருவர் சம்மதித்திருக்கிறார். அவர் தன் பேச்சைத் தானே பதிவு செய்ய விட்டதில் சட்டமீறல் இல்லை என்றது. பேச்சு விஷயத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், குரல் யாருடையது என்று நிரூபிக்க வேண்டும், பதிவு திருத்தப்படவில்லை என்று காட்ட வேண்டும் என்று மூன்று நிபந்தனைகளையும் வைத்தது.

தனிச்செய்திக்கும் இந்தத் தர்க்கம் அப்படியே பொருந்துகிறது. உங்களுக்கு வந்த கடிதம் உங்கள் அலமாரியில் இருக்கிறது. அதை நீதிபதியிடம் காட்ட, எழுதியவரிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியும் மின்னஞ்சலும் அப்படித்தான். உரையாடலில் நீங்கள் ஒரு தரப்பு. உங்கள் உரிமையை நிலைநாட்ட அதை நீதிமன்றத்தில் வைப்பதற்கு எதிராளியின் சம்மதம் தேவையில்லை. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சட்டபூர்வமான உரிமையையோ கோரிக்கையையோ நிலைநாட்டுவதற்காகத் தரவைக் கையாளுவதற்கு விலக்குக் கொடுத்திருக்கிறது.

இதே கண்ணால் பார்த்தால் பரமக்குடிக்கும் பட்டிண்டாவுக்கும் இடையிலான வேறுபாடு புலப்படும். பட்டிண்டா கணவர் பதிவு செய்தது தானும் மனைவியும் பேசியதை. பரமக்குடி கணவர் எடுத்தது மனைவி மற்றவர்களோடு தொடர்புகொண்ட விவரத்தை. முதலாவது தன் பேச்சு. இரண்டாவது அடுத்தவர் பேச்சின் தடம். உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கணவன் மனைவி பேசிக்கொண்டதை வெளியிடக் கூடாது என்று சாட்சியச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு. ஆனால் அவர்களுக்குள்ளேயே வழக்கு என்று வந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு விலகிவிடும் என்று அதே பிரிவு சொல்கிறது. அந்த விதிவிலக்கைத்தான் உச்ச நீதிமன்றம் பிடித்துக்கொண்டது. இப்படி அனுமதித்தால் ஒருவரை ஒருவர் உளவு பார்ப்பது பெருகாதா என்ற கேள்விக்கு, உளவு பார்க்கும் நிலை வந்துவிட்டதென்றால் அந்த உறவு ஏற்கெனவே முறிந்துவிட்டது என்றே பொருள் என்று பதில் சொன்னது.

ஆக, உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான் இன்று கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். திருட்டுத்தனமாகக் கிடைத்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சான்றைத் தூக்கி எறிவது இந்திய நீதிமன்றங்களின் வழக்கம் இல்லை. ஆனால் சான்று ஏற்கப்பட்டது என்பதற்காக அதை எடுத்த விதம் நியாயமாகிவிடாது. அடுத்தவருடைய கைபேசியை அவர் தூங்கும்போது திறந்து செய்திகளைத் தன் கைபேசிக்கு அனுப்பிக்கொள்வது, அவருடைய மின்னஞ்சல் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போவது, வாட்ஸ்அப் வெப்பைத் தன் கணினியில் இணைத்துவைத்து வாசிப்பது, உளவுச் செயலியை நிறுவுவது எல்லாம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவுக்குள் வரக்கூடியவை. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு வழக்கில் வாதியாக நிற்பவர் இன்னொன்றில் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டி வரலாம். விவாகரத்து வழக்கு நடத்தும் வக்கீல்கள் முதல் சந்திப்பிலேயே "இது உங்க போனா, அவங்க போனா?" என்று கேட்பது இதனால்தான்.

ஸ்கிரீன்ஷாட் ஏன் போதாது

சம்மதத்துக்கு அடுத்தது அசல் பற்றிய கேள்வி. நடைமுறையில் வழக்குகள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

2024 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு கணினி நிறுவனத்தின் மனு வந்தது. நுகர்வோர் வழக்கு ஒன்றில் அது பதில் மனுவை உரிய காலத்தில் தாக்கல் செய்யவில்லை. புகாரின் இணைப்புகள் முழுமையாகக் கைக்கு வராததுதான் காரணம் என்று சொல்லி, எதிர்த்தரப்போடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டியது. சட்டம் கேட்கும் சான்றிதழ் இல்லாமல் வாட்ஸ்அப் உரையாடலைச் சான்றாகப் படிக்க முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி.

ஸ்கிரீன்ஷாட்டின் பலவீனங்களை ஒரு கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்துவிடலாம். மேலே தெரியும் பெயர், கைபேசியின் சொந்தக்காரர் தானே சேமித்துவைத்த பெயர். யாருடைய எண்ணையும் எந்தப் பெயரிலும் சேமிக்கலாம். படத்தில் எண் தெரிவதில்லை. "எல்லோருக்கும் நீக்கு" என்று அழித்த செய்தி ஒரு தடத்தை விட்டுப் போகும்; "எனக்கு மட்டும் நீக்கு" என்று அழித்தது எந்தத் தடமும் இல்லாமல் மறையும். ஆகவே, "எப்பத் தருவ?" என்ற கேள்விக்கும் "நாளைக்கே" என்ற பதிலுக்கும் நடுவில் நான்கு செய்திகள் இருந்து நீக்கப்பட்டிருந்தாலும் படம் அதைக் காட்டாது. போலி உரையாடல் படங்களைத் தயாரிக்கவென்றே செயலிகள் இருக்கின்றன. இப்போதெல்லாம் எதையும் உருவாக்கலாம், எதையும் அழிக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2021இல் ஒரு வணிக வழக்கின் விசாரணையின்போது வாட்ஸ்அப் செய்திகளின் மதிப்பைச் சந்தேகித்துப் பேசியது.

இந்தச் சந்தேகத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் பதில் சான்றிதழ். பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 63ஆம் பிரிவு. சான்றிதழ் கட்டாயமா என்ற சர்ச்சை பல ஆண்டுகள் நீடித்தது. கேரளத்தின் பி.வி.அன்வர் தேர்தல் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் கட்டாயம் என்றது. 2018இல் வந்த ஒரு தீர்ப்பு அதைத் தளர்த்தியது. 2020இல் மகாராஷ்டிரத்தின் ஜால்னா தேர்தல் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து, மீண்டும் கட்டாயம் என்று முடித்துவைத்தார்கள்.

அந்த ஜால்னா வழக்கில் சாமானியர் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு உண்டு. வேட்புமனு கெடு நேரத்துக்குப் பிறகு கொடுக்கப்பட்டது என்று நிரூபிக்க, தேர்தல் அதிகாரியின் அலுவலகக் காணொளி தேவைப்பட்டது. அதற்கான சான்றிதழைக் கேட்டுக் கேட்டும் அதிகாரிகள் கொடுக்கவில்லை. கேட்டவர் தன்னாலானதை எல்லாம் செய்துவிட்டார் என்றால், கொடுக்க மறுப்பவரின் பிழைக்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிடும்படி அவர் நீதிமன்றத்தையே கேட்கலாம் என்றது தீர்ப்பு. இரண்டாவது, சான்றிதழ் தேவைப்படுவது நகலுக்குத்தான். கைபேசியின் சொந்தக்காரரே சாட்சிக் கூண்டில் ஏறி, அந்தக் கைபேசியையே காட்டி, இது என்னுடையது, இதில்தான் செய்தி வந்தது என்று சொன்னால் அது அசல், சான்றிதழ் வேண்டாம். அதனால், வழக்கு முடியும் வரை பழைய கைபேசியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். மேலே சொன்ன அத்தனை சந்தேகங்களுக்கும் கடைசிப் பதில் அந்தக் கருவிதான்.

ஒரு கடன் வழக்கை எடுத்துக்கொள்வோம்

கற்பனையான ஒரு வழக்கை வைத்து இதைப் படிப்படியாகப் பார்க்கலாம். ஈரோட்டில் ஒரு ஜவுளி வியாபாரி, தெரிந்த ஒருவருக்கு 4 லட்சம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தார். 3 லட்சம் வங்கி வழியாக, 1 லட்சம் ரொக்கமாக. பத்திரம் எதுவும் எழுதவில்லை. ஆறு மாதம் கழித்து வாங்கியவர் வாட்ஸ்அப்பில், "அண்ணே, நாலு லட்சத்தையும் தை முடிஞ்சதும் மொத்தமா குடுத்துர்றேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று எழுதியிருக்கிறார். தையும் போயிற்று, மாசியும் போயிற்று. வக்கீல் நோட்டீசுக்கு அவர் கொடுத்த பதில்: "3 லட்சம் வந்தது உண்மை. அது நான் அனுப்பிய துணிக்கான பணம். கடன் என்று எதுவும் இல்லை."

வங்கிக் கணக்குப் பணம் போனதைக் காட்டும்; எதற்காகப் போனது என்று காட்டாது. ரொக்கத்துக்கோ சுவடே கிடையாது. இந்த இரண்டு ஓட்டைகளையும் அந்த ஒற்றைச் செய்தி அடைக்கிறது. செய்தி வழக்குக்குச் சம்பந்தப்பட்டதா என்ற முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அவருக்கே வந்த செய்தி என்பதால் சம்மதக் கேள்வியும் இல்லை. மிச்சம் இருப்பது அசலை நிரூபிப்பது.

முதல் வேலை, உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்வது. வாட்ஸ்அப்பில் அந்த உரையாடலைத் திறந்து Export chat என்பதைத் தேர்ந்தால், ஒவ்வொரு செய்தியும் தேதி, நேரத்தோடு ஓர் எழுத்துக் கோப்பாக வரும். படங்களும் குரல் செய்திகளும் வேண்டுமென்றால் அவற்றையும் சேர்த்து எடுக்கலாம். சாதகமான ஒரு வரியை மட்டும் வெட்டி எடுக்கக் கூடாது. ஓர் உரையாடலின் ஒரு பகுதியைச் சான்றாக வைத்தால், அதைப் புரிந்துகொள்ளத் தேவையான மற்றப் பகுதிகளையும் பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் கேட்பதே, "இதற்கு முந்தின செய்தி எங்கே?" என்பதுதான். அதனோடு, எதிராளியின் எண் தெரியும்படி தொடர்பு விவரப் பக்கத்தையும் படமெடுத்துக்கொள்ள வேண்டும். அதே எண்ணுக்குத்தான் வங்கிச் செயலியில் பணம் அனுப்பியிருந்தார் என்றால், எண் யாருடையது என்ற தகராறு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது வேலை ஹேஷ் எடுப்பது. கோப்பிலுள்ள அத்தனை எழுத்துகளையும் ஒரு கணக்கு வழியாகச் செலுத்தினால் கிடைக்கும் நீண்ட குறியெண் அது. கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் குறியெண் முற்றிலும் மாறிவிடும். விண்டோஸ் கணினியில் இதை எடுக்க ஒரு வரி போதும்:

```
certutil -hashfile chat.txt SHA256
```

பதிலாக 64 இலக்கமும் எழுத்தும் கலந்த ஒரு வரிசை வரும். புதிய சட்டத்தின் அட்டவணையில் உள்ள சான்றிதழ்ப் படிவம், எந்த முறையில் எடுத்த ஹேஷ், அதன் மதிப்பு என்ன என்பதைக் குறிப்பிடச் சொல்கிறது. இதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஹேஷ் எடுத்த நிமிடத்துக்குப் பிறகு கோப்பில் யாரும் கைவைக்கவில்லை என்பதை அது காட்டும். அதற்கு முன்னால் கைவைக்கவில்லை என்பதைக் காட்டாது. ஏற்றுமதியான கோப்பு சாதாரண எழுத்துக் கோப்பு. யார் வேண்டுமானாலும் திறந்து திருத்திவிட்டுப் பிறகு ஹேஷ் எடுக்கலாம். அதனால்தான் கைபேசியையும் கூடவே வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, சான்றிதழ். அது இரண்டு பகுதி. அ பகுதியில், கைபேசியை வைத்திருக்கும் வியாபாரியே கையெழுத்திடுவார்: என்ன கருவி, என்ன மாதிரி, அதன் அடையாள எண், அது என் வழக்கமான பயன்பாட்டில் இருந்தது, ஒழுங்காக வேலை செய்தது. ஆ பகுதியில் ஒரு நிபுணர் கையெழுத்திட வேண்டும். இந்த ஆ பகுதி புதிய சட்டத்தில் வந்து சேர்ந்தது. நடைமுறையில் தலைவலியும் அதுதான். பரமக்குடி வழக்கின் உத்தரவிலேயே, தமிழ்நாட்டில் போதிய நிபுணர்களை அறிவிக்கும்படி மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு மதுரைக் கிளை சொல்ல வேண்டி வந்தது. ஆகவே, ஆ பகுதியில் யாருடைய கையெழுத்தை அந்த நீதிமன்றம் ஏற்கிறது என்பதை வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் எதிராளி, "நான் அப்படி அனுப்பவே இல்லை" என்று சொல்லலாம். வாட்ஸ்அப் நிறுவனத்திடம் கேட்டுப் பார்த்துவிடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டவை. போய்ச் சேர்ந்த செய்தியின் உள்ளடக்கம் நிறுவனத்திடம் இருப்பதில்லை. ஆனால் அதே உரையாடலின் இன்னொரு பிரதி எதிராளியின் கைபேசியில் இருக்கிறது. வியாபாரியின் வக்கீல், அந்தப் பிரதியைக் காட்டச் சொல்லி மனு போடலாம். மறுப்பவர் அதைக் காட்டினால் உண்மை தெரிந்துவிடும். போன் தொலைந்தது, செய்திகள் அழிந்தன என்று காரணம் சொல்லிக் காட்டாமல் விட்டால், அது தனக்குப் பாதகமானது என்பதால்தான் மறைக்கிறார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பொய்யாகத் திருத்தியவர் வாதியாகவே இருந்தாலும் இதே இரண்டாம் பிரதிதான் அவரைக் காட்டிக்கொடுக்கும்.

மின்னஞ்சல் இந்த விஷயத்தில் வாட்ஸ்அப்பைவிட ஒரு படி வலுவானது. ஒவ்வொரு மடலுக்கும் கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதி ஒன்று உண்டு. எந்தெந்தச் சேவையகங்களைத் தாண்டி, எத்தனை மணிக்கு வந்தது என்பது அதில் பதிவாகியிருக்கும். ஜிமெயிலில் Show original என்பதை அழுத்தினால் தெரியும். பெரும்பாலான சேவைகள் அதில் ஒரு மின் கையொப்பத்தையும் சேர்த்து அனுப்புகின்றன. மடல் வழியில் திருத்தப்பட்டதா என்று நிபுணர் அதை வைத்துச் சோதிக்கலாம். மடலை வக்கீலுக்குப் பார்வர்டு செய்தால் அந்தத் தலைப்பகுதி அவருக்குப் போய்ச் சேராது. அவருக்குக் கிடைப்பது உங்கள் மடல்தான். அசலை .eml கோப்பாக இறக்கிக் கொடுப்பதே முறை. அலுவலக மின்னஞ்சலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கணக்கு நிறுவனத்துடையது. வேலையை விடும் நாளில் மடல்களை மொத்தமாகத் தன் சொந்தக் கணக்குக்கு அனுப்பிக்கொண்டவர்மேல், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறியதாக நிறுவனம் தனி வழக்குப் போடலாம். தன் சம்பளம், பதவி, புகார் பற்றித் தனக்கு வந்த மடல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை நீதிமன்றம் வழியாகக் கேட்டுப் பெறுவது பாதுகாப்பானது.

வழக்கில் இல்லாதவர்கள்

ஈரோட்டு வியாபாரியின் ஏற்றுமதிக் கோப்பில் கடன் பேச்சு மட்டும் இருக்காது. வாங்கியவரின் மனைவிக்கு நடந்த அறுவை சிகிச்சை பற்றி இருக்கும். இருவருக்கும் பொதுவான ஒரு நண்பரின் குடிப்பழக்கம் பற்றி இருக்கும். யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கு எண்ணும், ஒரு பெண்ணின் ஜாதகமும்கூட இருக்கலாம். இவர்கள் யாரும் வழக்கில் தரப்பினர் இல்லை. தங்களைப் பற்றிய செய்தி ஒரு வழக்குக் கட்டில் இருக்கிறது என்பதே இவர்களுக்குத் தெரியாது. பங்காளிகள், சம்பந்திகள் என்று நாற்பது பேர் கொண்ட குடும்பக் குழுவின் உரையாடலைத் தாக்கல் செய்யும்போது இது பல மடங்காகிறது.

உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, அது முற்றான உரிமை இல்லை என்றும், சட்டபூர்வமான நோக்கத்துக்காகத் தேவையான அளவுக்கு மட்டும் குறைக்கலாம் என்றும் சொன்னது. "தேவையான அளவுக்கு மட்டும்" என்பதைத் தாக்கல் செய்யும் ஆவணத்தில் கடைப்பிடிக்க வழி இருக்கிறது. சம்பந்தப்பட்ட காலத்தின் உரையாடலை மட்டும் ஆவணமாக வைக்கலாம். அதற்குள் வரும் வெளியாரின் பெயர், எண், நோய் விவரங்களைக் கருப்பு மை கொண்டு மறைத்து, மறைத்திருக்கிறோம் என்பதை மனுவிலேயே வெளிப்படையாக எழுதலாம். முழுக் கோப்பும் ஹேஷோடு பத்திரமாக இருக்கிறது, நீதிபதி கேட்டால் மூடிய உறையில் தருகிறோம் என்றும் சேர்க்கலாம். இப்படிச் செய்தால், வெட்டி ஒட்டிவிட்டார் என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் இருக்கும், வெளியாரின் மானமும் காப்பாற்றப்படும். சொல்லாமல் மறைத்தால் அதுவே சந்தேகத்துக்கு இடமாகிவிடும்.

சில உரையாடல்களை எவ்வளவு சாதகமாக இருந்தாலும் தாக்கல் செய்ய முடியாது. எதிராளி தன் வக்கீலோடு பேசிக்கொண்டது எப்படியோ உங்கள் கைக்கு வந்தாலும் அது பாதுகாக்கப்பட்ட பேச்சு. சமரச மையத்தில், "வழக்கை முடிப்பதாக இருந்தால் 2 லட்சம் தருகிறேன்" என்று எதிராளி சொன்னதை, பேச்சு முறிந்த பிறகு கடனை ஒப்புக்கொண்டதற்கான சான்றாகக் காட்ட முடியாது. சமரசப் பேச்சின் ரகசியத்தைச் சட்டம் காக்கிறது. அந்தப் பாதுகாப்பு இல்லையென்றால் யாரும் வாய்திறந்து சமரசம் பேச மாட்டார்கள்.

கடைசியாக, பலரும் அறியாமல் தாண்டிவிடும் கோடு ஒன்று இருக்கிறது. செய்தியை நீதிமன்றத்தில் வைக்கும் உரிமை, அதை ஊருக்குக் காட்டும் உரிமை ஆகாது. எதிராளியின் சம்மதம் வேண்டாம் என்று சட்டம் சொல்வது, நீதிபதியின் முன் உரிமையை நிரூபிக்கும் தேவைக்காகத்தான். அதே உரையாடலைச் சொந்தக்காரர்கள் குழுவிலும் ஸ்டேட்டஸிலும் போடுகிறவருக்கு அந்தத் தேவை இல்லை. அவதூறு வழக்குக்கும் இழப்பீட்டுக் கோரிக்கைக்கும் அவர் தானே இடம் கொடுக்கிறார். திருமண வழக்குகளில் சட்டம் இதைவிடக் கண்டிப்பானது. இந்துத் திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும். நீதிமன்ற அனுமதியோடு வெளியாகும் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தவிர வழக்கு சார்ந்த எதையும் அச்சிடுவதோ வெளியிடுவதோ குற்றம். அபராதம் வெறும் 1,000 ரூபாய் வரைதான் என்பதால் பலர் இதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால், மனைவியின் செய்திகளைச் சான்றாக வைத்துவிட்டு அவற்றையே வெளியிலும் பரப்பியவர், தன் நோக்கம் நியாயம் கேட்பதா பழிவாங்குவதா என்பதை நீதிபதிக்குத் தானே சொல்லிக் கொடுத்துவிடுகிறார். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும், ஜீவனாம்சம் எவ்வளவு என்று முடிவெடுக்கும் வேளையில் அந்த நடத்தையும் எதிர்த்தரப்பின் வாதத்தில் ஒரு பக்கம் பிடிக்கும்.